நியூயார்க்கில் மணி ஒன்பது ஆகிவிட்டதா? டிக்கெட் வரிசையில் நேர மண்டலத்தைக் கையாளும் மூன்று முறைகள்

சென்னையில் அமர்ந்து நியூயார்க், லண்டன், ஃபீனிக்ஸ் ஆகிய ஊர்களில் உள்ள நிறுவனங்களுக்கு உதவிச் சேவை வழங்கும் ஒரு சிறிய குழுவை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் இருப்பது ஒரே வரிதான்: வாடிக்கையாளரின் அலுவலக நேரக் கணக்கில் நான்கு மணி நேரத்துக்குள் முதல் பதில் போக வேண்டும். அலுவலக நேரம் என்பது அவர்கள் ஊர்க் கடிகாரப்படி திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை. உதவி கேட்டு வந்து விழும் கோரிக்கைகளான டிக்கெட்டுகளில் எதை முதலில் எடுப்பது என்பதை இந்த ஒரு வரியே தீர்மானிக்கிறது. அந்த வரியை மென்பொருளுக்குப் புரிய வைக்க மூன்று முறைகள் நடைமுறையில் இருக்கின்றன. எல்லாவற்றையும் இந்திய நேரத்தில் மாற்றி எழுதிய ஷிப்ட் அட்டவணை ஒன்று. உலகப் பொது நேரமான யுடிசியிலிருந்து அவர் ஊர் எத்தனை மணி நேரம் விலகியிருக்கிறது என்று காட்டும் `-05:00` போன்ற ஓர் எண்ணை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பதிந்து வைப்பது இரண்டு. `America/New_York` என்று இடத்தின் பெயரைப் பதிந்து வைத்து, தேவைப்படும்போது கணக்கிடுவது மூன்று.

ஜனவரி மாதத்தில் இந்த மூன்றையும் அருகருகே ஓட்டிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மூன்றும் ஒரே வரிசையைத்தான் காட்டும். ஆகவே இவற்றை ஒப்பிட ஏற்ற காலம் மார்ச். அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். பிரிட்டனில் அதே மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் தள்ளுகிறார்கள். 2026-இல் இவை மார்ச் 8, மார்ச் 29. நடுவில் உள்ள மூன்று வாரங்களுக்கு நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் உள்ள இடைவெளி வழக்கமான ஐந்து மணி நேரமாக இல்லாமல் நான்காகச் சுருங்கிவிடுகிறது. அரிசோனா மாநிலத்தின் பெரும்பகுதி கோடை நேரத்தையே கடைப்பிடிப்பதில்லை என்பதால் ஃபீனிக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தியாவும் அப்படித்தான். நகராத நாம், நகராத ஒரு வாடிக்கையாளர், வெவ்வேறு தேதிகளில் நகரும் இரண்டு வாடிக்கையாளர்கள் என்று நான்கு கடிகாரங்கள். மூன்று முறைகளும் எங்கே பிரிகின்றன என்பது இங்கேதான் தெரியும்.

ஒரு திங்கட்கிழமையின் கணக்கு

2026 மார்ச் 6, வெள்ளிக்கிழமை, நியூயார்க் நேரம் மாலை 4:30-க்கு ஒரு டிக்கெட் வருகிறது. நமக்கு அது சனிக்கிழமை அதிகாலை 3 மணி. அவர்களுடைய அலுவலகம் மூட அரை மணி நேரம் இருப்பதால், நான்கு மணி நேரத்தில் அரை மணி வெள்ளியன்றே கழிந்துவிடுகிறது. மீதி மூன்றரை மணி நேரம் திங்கட்கிழமை காலை 9-லிருந்து ஓடும். ஆக, கெடு மார்ச் 9, திங்கள், நியூயார்க் நேரம் பகல் 12:30. இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. வாடிக்கையாளரின் சுவர்க் கடிகாரத்தையும் நாட்காட்டியையும் மட்டும் பார்த்தாலே போதும்.

சிக்கல், அந்தப் பகல் 12:30 இந்தியாவில் எத்தனை மணி என்று கேட்கும்போது வருகிறது. டிக்கெட் வந்த வெள்ளியன்று நியூயார்க் யுடிசியை விட ஐந்து மணி நேரம் பின்தங்கியிருந்தது. ஞாயிறு அதிகாலையில் கடிகாரம் மாறிவிட்டதால் திங்களன்று நான்கு மணி நேரம் மட்டுமே பின்தங்கியிருக்கிறது. எனவே சரியான விடை இரவு 10 மணி. வெள்ளியன்று இருந்த ஐந்து மணி நேர இடைவெளியையே திங்களுக்கும் பொருத்தினால் விடை இரவு 11 மணி.

அதே திங்களன்று லண்டனிலிருந்தும் ஒரு டிக்கெட். அங்கே பகல் 1 மணிக்கு வந்தது, அதாவது நமக்கு மாலை 6:30. நான்கு மணி நேரம் சேர்த்தால் லண்டன் மாலை 5 மணி, நமக்கு இரவு 10:30. பிரிட்டனில் இன்னும் கடிகாரம் மாறவில்லை என்பதால் இதில் குழப்பமில்லை. இப்போது வரிசையைப் பாருங்கள். உண்மையில் நியூயார்க் முதலில், லண்டன் அடுத்து. பழைய இடைவெளியை வைத்துக்கொண்டிருக்கும் மென்பொருளில் லண்டன் முதலில், நியூயார்க் அடுத்து. ஷிப்டில் இருப்பவர் திரையில் மேலே உள்ளதை எடுக்கிறார், 10:25-க்கு லண்டனுக்குப் பதில் அனுப்புகிறார், 10:45-க்கு நியூயார்க்குக்கு அனுப்புகிறார். நியூயார்க் வாடிக்கையாளரின் கடிகாரத்தில் அப்போது மணி 1:15. பதில் முக்கால் மணி நேரம் தாமதம்.

ஷிப்ட் அட்டவணை

முதல் முறையை ஏளனமாகப் பார்ப்பது எளிது. எக்செல் தாளில் "நியூயார்க்: இரவு 7:30 முதல் அதிகாலை 3:30 வரை, லண்டன்: பிற்பகல் 2:30 முதல் இரவு 10:30 வரை, ஃபீனிக்ஸ்: இரவு 9:30 முதல் அதிகாலை 5:30 வரை" என்று எழுதி, அச்சிட்டு, மானிட்டருக்கு அருகில் ஒட்டிவைத்திருப்பார்கள். எண்கள் எல்லாம் சரியானவை, குளிர்காலத்துக்கு மட்டும்.

மார்ச் 9 அன்று நியூயார்க் நமது மாலை 6:30-க்கே திறந்துவிடுகிறது. அட்டவணையோ 7:30 என்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் வரும் டிக்கெட்டுகளை எடுக்க ஆள் இருக்கமாட்டார். ஆனாலும் இந்த முறைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: தவறு கண்ணுக்குத் தெரியும். 7:30-க்கு ஷிப்டுக்கு வருபவர், நியூயார்க்கிலிருந்து ஏற்கெனவே எட்டுப் பத்து டிக்கெட்டுகள் குவிந்திருப்பதைப் பார்த்து, "என்ன, இன்றைக்கு அங்கே சீக்கிரமே ஆரம்பித்துவிட்டார்களா?" என்று கேட்பார். பக்கத்து இருக்கையில் இருப்பவர் கடிகாரம் மாறியதை நினைவுபடுத்துவார். அட்டவணை அன்றே திருத்தப்படும். நானும் இப்படி ஒட்டிய தாளை வைத்து வேலை செய்தவன்தான்; பேனாவால் அடித்துத் திருத்திய மணிகள் அதில் இரண்டு அடுக்காக இருந்தன.

அட்டவணை திணறுவது வாடிக்கையாளர்கள் பெருகும்போது. மூன்று ஊர்களுக்கு இருக்கும் நினைவு முப்பது ஊர்களுக்கு இருக்காது. மேலும், நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் கிழமை குழம்பும். ஃபீனிக்ஸின் வெள்ளிக்கிழமை நமக்குச் சனிக்கிழமை அதிகாலை 5:30 வரை நீள்கிறது. "சனிக்கிழமை விடுமுறை" என்று இந்தியக் கிழமையை வைத்து விதி எழுதினால், அவர்களுடைய வெள்ளிக்கிழமை வேலை நேரத்தில் பெரும்பகுதி, நமது நள்ளிரவு 12-க்குப் பின் வரும் ஐந்தரை மணி நேரம், விடுமுறைக் கணக்கில் போய்விடும்.

எண்ணாகப் பதிவது

இரண்டாவது முறை பார்ப்பதற்கு அட்டவணையை விட நாகரிகமானது. வாடிக்கையாளர் பதிவில் ஒரு புலம், அதில் `-05:00`. கூட்டல் கழித்தல் மட்டும் தெரிந்தால் போதும், எந்த நூலகமும் வேண்டாம். புதிதாக எழுதப்படும் வரிசைப்படுத்தும் நிரல்களில் இதை அடிக்கடி காண்கிறேன். மூன்றில் மிக ஆபத்தானது இதுதான் என்பது என் கருத்து.

எண் எதைச் சொல்கிறது என்று யோசித்தால் காரணம் விளங்கும். `-05:00` என்பது ஓர் ஊரைப் பற்றிய செய்தி அல்ல. ஒரு குறிப்பிட்ட நொடியில் ஓர் ஊரின் கடிகாரம் எங்கே நின்றது என்பதைப் பற்றிய செய்தி. நியூயார்க் 2026-இல் மார்ச் 8 முதல் நவம்பர் 1 வரை, அதாவது 34 வாரங்கள், இந்த எண்ணில் இருப்பதே இல்லை. குளிர்கால எண்ணைப் பதிந்துவிட்டு மறந்தால் ஆண்டின் மூன்றில் இரண்டு பங்கு காலம் தவறான கணக்கே ஓடும். வருடத்துக்கு இருமுறை கையால் மாற்றிவிடுவோம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் வழக்கமாக எல்லா நாடுகளையும் ஒரே நாளில் மாற்றுவார்கள். மார்ச் கடைசியில் மாற்றினால் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு மூன்று வாரம் தவறு. மார்ச் 8-இலேயே மாற்றினால் பிரிட்டனுக்கு மூன்று வாரம் தவறு. எப்போது மாற்றினாலும் ஃபீனிக்ஸையும் சேர்த்து மாற்றிவிட்டால் அடுத்த இலையுதிர் காலம் வரை தவறு.

தவறை விடவும் மோசமானது, அது வெளியே தெரியாமல் போவது. மேலே சொன்ன திங்கட்கிழமை டிக்கெட்டையே பாருங்கள். பதில் போனது நமது இரவு 10:45-க்கு. `-05:00` என்று நம்பும் மென்பொருள் அதை நியூயார்க் நேரம் 12:15 என்று கணக்கிடும். கெடு 12:30. ஆகவே மாத அறிக்கையில் இந்த டிக்கெட் "கெடுவுக்குள் பதில், 15 நிமிடம் மிச்சம்" என்று பச்சை நிறத்தில் இருக்கும். வரிசையைக் கணக்கிட்ட அதே தவறான எண்ணே அறிக்கையையும் கணக்கிடுவதால், தவறு தன்னைத்தானே நியாயப்படுத்திக்கொள்கிறது. வாடிக்கையாளர் தன் பக்கத்துப் பதிவை எடுத்துக்காட்டிப் புகார் செய்யும் வரை நமக்குத் தெரியாது. அட்டவணையில் ஒரு மனிதர் குவியலைப் பார்த்துக் கேள்வி கேட்டார். இங்கே குவியலும் தெரியாது, ஏனென்றால் நியூயார்க்கில் 9-லிருந்து 10 வரை வரும் டிக்கெட்டுகளை மென்பொருள் "அலுவலக நேரத்துக்கு முன் வந்தவை" என்று முத்திரை குத்தி வரிசையின் அடியில் வைத்துவிடும்.

இலையுதிர் காலத்தில் இதே தவறு எதிர்த்திசையில் நடக்கும். `-04:00` என்று பதிந்திருந்தால் நவம்பர் 2 முதல் கெடுவை ஒரு மணி நேரம் முன்னதாகக் காட்டும். குழு காரணமில்லாமல் அவசரப்படும், அந்த வாடிக்கையாளர் புகார் செய்யமாட்டார். அதனால்தான் இந்தப் பிழை பற்றிய பேச்சு ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சில் எழுந்து, ஏதோ ஒட்டுப்போட்டுச் சரிசெய்யப்பட்டு, நவம்பரில் யாரும் சோதிக்காமல் விடப்படுகிறது.

எண்ணை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். மின்னஞ்சலின் தலைப்பகுதியில் `Date: Fri, 6 Mar 2026 16:30:00 -0500` என்று இருப்பதால், அந்த `-0500`-ஐ அப்படியே வாடிக்கையாளரின் நேர மண்டலமாகச் சேமிக்கும் நிரல்கள் உண்டு. கோடையில் வந்த ஒரு மின்னஞ்சலில் `-0700` இருந்தால், அது லாஸ் ஏஞ்சலஸாகவும் இருக்கலாம், ஃபீனிக்ஸாகவும் இருக்கலாம். குளிர்காலத்தில் அதே `-0700` டென்வராகவோ ஃபீனிக்ஸாகவோ இருக்கலாம். எண்ணிலிருந்து ஊரை மீட்டெடுக்க வழியே இல்லை. ஊர் தெரிந்தால் எண்ணை எப்போது வேண்டுமானாலும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எழுத்துச் சுருக்கங்களும் இந்த வகையில்தான் சேரும். மெனுவில் `EST` என்று இருப்பதைப் பார்த்து "நியூயார்க்தானே" என்று தேர்ந்தெடுப்பார்கள். நேர மண்டலத் தரவுத்தளத்தில் அது ஆண்டு முழுவதும் ஐந்து மணி நேரம் பின்தங்கியே நிற்கும், கோடையில் அசையாது. லண்டனுக்கு `GMT` என்று வைப்பதும் இதே கதைதான். `IST` என்று எழுதினால் நமக்கு இந்திய நேரம்; இஸ்ரேலிலும் அயர்லாந்திலும் இருப்பவர்களுக்கு அது அவரவர் நேரம். `Etc/GMT+5` என்ற பெயர் இன்னும் வேடிக்கையானது: அதில் குறி தலைகீழாக இருப்பதால், கூட்டல் குறி போட்டிருந்தும் அது யுடிசிக்கு ஐந்து மணி நேரம் பின்னால் உள்ளதையே குறிக்கிறது.

இடத்தின் பெயரைப் பதிவது

மூன்றாவது முறையில் வாடிக்கையாளர் பதிவில் `America/New_York`, `Europe/London`, `America/Phoenix` என்ற பெயர்கள் மட்டும் இருக்கும். எந்தத் தேதியில் அந்த ஊர்க் கடிகாரம் எங்கே நிற்கும் என்ற விதிகளை ஐஏஎன்ஏ என்ற இணைய அமைப்பு வெளியிடும் நேர மண்டலத் தரவுத்தளம் வைத்திருக்கிறது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஜாவா, பைத்தான், போஸ்ட்கிரெஸ் என்று பெரும்பாலானவை அதையே நம்பியிருக்கின்றன. கணக்கு இரண்டு படிகளில் நடக்கும். முதலில் கெடுவை வாடிக்கையாளரின் சுவர்க் கடிகாரத்தில் கண்டுபிடிக்கிறோம்: மார்ச் 9, பகல் 12:30. பிறகு அந்தத் தேதிக்கு உரிய விதியை வைத்து அதை யுடிசிக்கோ இந்திய நேரத்துக்கோ மாற்றுகிறோம்.

```python
from datetime import datetime
from zoneinfo import ZoneInfo

ny = ZoneInfo("America/New_York")
due = datetime(2026, 3, 9, 12, 30, tzinfo=ny)
print(due.astimezone(ZoneInfo("Asia/Kolkata")))
# 2026-03-09 22:00:00+05:30
```

இந்த இரண்டு படிகளின் வரிசை முக்கியமானது. டிக்கெட் வந்த நேரத்தை முதலில் யுடிசிக்கு மாற்றி, அதன் மீது "இரண்டு நாள், இத்தனை மணி" என்று கூட்டிக்கொண்டே போனால், இடத்தின் பெயர் பதிவில் இருந்தும் பழைய தவறே திரும்ப வரும். அலுவலகம் திறப்பது "வெள்ளி மாலை மூடி 64 மணி நேரம் கழித்து" அல்ல. "திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு". அந்த வார இறுதியில் நியூயார்க்கின் ஞாயிற்றுக்கிழமைக்கு 23 மணி நேரம்தான்.

பைத்தானில் இதற்கு நேர்மாறான ஒரு பள்ளமும் உண்டு. ஒரே `tzinfo` கொண்ட இரண்டு நேரங்களைக் கழித்தால் அது கடிகார முட்களின் வித்தியாசத்தை மட்டுமே தரும். மார்ச் 7 காலை 9 மணியிலிருந்து மார்ச் 9 காலை 9 மணி வரை உண்மையில் கழிந்தது 47 மணி நேரம். `b - a` சொல்வது `2 days, 0:00:00`. ஒன்பதிலிருந்து ஐந்து வரையிலான வாடிக்கையாளருக்கு இது பாதிப்பில்லை, ஏனெனில் கடிகாரம் மாறுவது ஞாயிறு அதிகாலையில். இரவு பகலாக இயங்கும் ஓட்டல் போன்ற வாடிக்கையாளருக்கு "24 மணி நேரத்துக்குள்" என்று வாக்குக் கொடுத்திருந்தால், இரண்டையும் யுடிசிக்கு மாற்றிய பிறகே கழிக்க வேண்டும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. விதிகளை வகுப்பவை அரசாங்கங்கள். அவை கடைசி நேரத்தில் மனம் மாறலாம். 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடை நேரம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, அதை ஏப்ரலுக்குத் தள்ளிவைப்பதாக அறிவித்தது. நாட்டில் சிலர் அதை ஏற்றார்கள், சிலர் மறுத்துப் பழைய தேதியிலேயே கடிகாரத்தை மாற்றினார்கள். சில நாட்களில் அரசு பின்வாங்கியது. தரவுத்தளத்தின் `2023b` பதிப்பு முதல் அறிவிப்பைச் சேர்த்துக்கொண்டது, அடுத்துச் சில நாட்களில் வந்த `2023c` அதை நீக்கியது. இடையில் `2023b`-ஐ நிறுவிவிட்டு அடுத்ததை நிறுவாமல் விட்டவரின் சர்வரில் பெய்ரூட் நேரம் ஒரு மணி நேரம் பிசகியிருக்கும். எண்ணைப் பதிபவருக்கு இந்தத் தொல்லை வருவதில்லை என்று வாதாடலாம். ஆனால் அவருக்கு ஒவ்வோர் ஆண்டும் எல்லா நாட்டுக்கும் வரும் தொல்லை, பெயரைப் பதிபவருக்கு எப்போதாவது ஒரு நாட்டுக்கு மட்டும் வருகிறது.

பெயரை எங்கிருந்து பெறுவது என்பதில் எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. உலாவியில் `Intl.DateTimeFormat().resolvedOptions().timeZone` என்று கேட்டால் பயனரின் கணினி எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பெயராகவே கிடைக்கும். வசதியானது, ஆனால் அது கணினியின் இருப்பிடம். ஃபீனிக்ஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒரு வாரம் லண்டனுக்குப் போய் அங்கிருந்து டிக்கெட் எழுப்பினால், நிறுவனத்தின் அலுவலக நேரம் லண்டனுக்கு மாறிவிடாது. ஆகவே கெடுவைக் கணக்கிட ஒப்பந்தத்தில் உள்ள அலுவலக முகவரியின் மண்டலம். திரையில் அந்த ஊழியருக்கு நேரத்தைக் காட்ட மட்டும் உலாவி சொல்லும் மண்டலம். முகவரியில் நாடு மட்டும் இருந்தால் போதாது. பிரிட்டனுக்கு ஒரே மண்டலம் போதும். அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மாநிலமாவது தெரிய வேண்டும். சிட்னி கோடை நேரத்துக்கு மாறும், பிரிஸ்பேன் மாறாது.

கெடுவைச் சேமிப்பதா, ஒவ்வொரு முறையும் கணக்கிடுவதா

மூன்றாவது முறையைத் தேர்ந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். டிக்கெட் வந்தவுடன் கெடுவை ஒருமுறை கணக்கிட்டு யுடிசியில் சேமித்துவிடுவதா, வரிசையைத் திறக்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிடுவதா?

டிக்கெட் வந்த நேரம் நடந்து முடிந்த ஒன்று. அதை யுடிசியில் சேமித்தால் போதும், பிறகு எந்த அரசு எதை அறிவித்தாலும் அது மாறாது. கெடு அப்படியல்ல. "திங்கட்கிழமை பகல் 12:30" என்பது இனி வரப்போகும் ஒரு சுவர்க் கடிகார நேரம்; அது எந்த நொடியில் விழும் என்பது விதி மாறினால் மாறும், வாடிக்கையாளர் இடையில் ஒரு விடுமுறையை அறிவித்தாலும் மாறும். ஆகவே சேமிக்கும் கெடுவை இறுதி உண்மையாக வைக்காமல், வேகத்துக்காக எடுத்துவைத்த நகலாக வைப்பது நல்லது. ஆயிரக்கணக்கான திறந்த டிக்கெட்டுகளை ஒரு `ORDER BY` கொண்டு அடுக்க அந்தச் சேமித்த நெடுவரிசை தேவைப்படும். நேர மண்டலத் தரவுத்தளத்தின் புதிய பதிப்பை நிறுவும்போதும் விடுமுறைப் பட்டியல் மாறும்போதும், இன்னும் மூடப்படாத டிக்கெட்டுகளின் கெடுவை மறுபடி கணக்கிடும் ஒரு சிறு பணியை ஓட்டினால் போதும். சிறிய குழுவென்றால் ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுவிடலாம். சில நூறு டிக்கெட்டுகளுக்கு அது ஒரு சுமையே அல்ல.

போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: `timestamptz` என்ற பெயரில் மண்டலம் இருந்தாலும், அது உள்ளே மண்டலத்தைச் சேமிப்பதில்லை, யுடிசி நொடியை மட்டுமே வைத்திருக்கிறது. வாடிக்கையாளரின் மண்டலப் பெயருக்குத் தனி நெடுவரிசை வேண்டும்.

எதை முதலில் எடுப்பது

கெடு சரியாகக் கணக்கிடப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கெடு முன்னதாக வருவதை முதலில் எடு என்று அடுக்கினால் வேலை முடிந்ததா? அங்கே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது.

அதே மார்ச் 9, நமது இரவு 8:30. ஒரே நிமிடத்தில் இரண்டு டிக்கெட்டுகள் வருகின்றன. நியூயார்க்கில் அப்போது காலை 11 மணி. கெடு அங்கே மாலை 3 மணி, நமக்கு நள்ளிரவு 12:30. லண்டனில் அப்போது பிற்பகல் 3 மணி. இரண்டு மணி நேரம் இன்று, இரண்டு மணி நேரம் நாளை என்று கெடு செவ்வாய் காலை 11-க்கு, நமக்குச் செவ்வாய் மாலை 4:30-க்குப் போய்விடுகிறது. கெடு வரிசைப்படி லண்டன் டிக்கெட் வெகு கீழே கிடக்கும். ஆனால் லண்டன்காரர் நமது 10:30-க்கு வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குள் பதில் கிடைத்தால் அவர் இன்றே வேலையை முடிப்பார். 10:45-க்குக் கிடைத்தால் நாளைக் காலைதான் பார்ப்பார். ஒப்பந்தப்படி இரண்டும் ஒன்றே. அவரைப் பொறுத்தவரை ஒரு முழு நாள் வித்தியாசம்.

நியூயார்க்குக்கு நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது. லண்டனை 9:30-க்கு எடுத்து இருபது நிமிடத்தில் முடித்தால் நியூயார்க்குக்கு எந்த நட்டமும் இல்லை. எனவே வரிசையை மூன்று அடுக்காக வைப்பது எனக்குச் சரியென்று படுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் கெடு முடியும் டிக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் மேலே. அவற்றுக்கு அடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் அலுவலகம் மூடப்போகும் வாடிக்கையாளர்களுடையவை. பிறகு மற்றவை கெடு வரிசையில். முதல் அடுக்கு இல்லாமல் இரண்டாவதை மட்டும் வைத்தால், லண்டன் மூடும் நேரத்தில் அங்கிருந்து வரும் கூட்டம் நியூயார்க்கின் கெடுக்களை விழுங்கிவிடும். சர்வர் முழுவதுமாக நின்றுபோனது போன்ற அவசர டிக்கெட்டுகளை இந்த அலுவலக நேரக் கணக்குக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. அவற்றுக்குத் தனி வரிசை.

வார விடுமுறை பற்றிச் சுருக்கமாக ஒன்று. சனி, ஞாயிறு என்பதை நிரலில் நேரடியாக எழுதிவிட்டால் ரியாத் வாடிக்கையாளர் வந்த நாளில் உடையும். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். கிழமைகளும் விடுமுறைப் பட்டியலும் மண்டலப் பெயரோடு சேர்ந்து வாடிக்கையாளரின் பதிவில் இருக்க வேண்டும்.

எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க

வாங்கிய ஹெல்ப்டெஸ்க் மென்பொருளைப் பயன்படுத்தும் குழுக்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். அமைப்புப் பக்கத்தில் மண்டலத்தைத் தேர்வு செய்யும் மெனுவைத் திறந்தால் பாதி விடை கிடைக்கும். ஊர்ப் பெயர்கள் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். வெறும் `UTC-5` என்ற வரிகள் மட்டும் இருந்தால் அது எண் முறை. விண்டோஸ் வழிவந்த மென்பொருள்களில் `Eastern Standard Time` என்ற முழுப்பெயர் இருக்கும். பெயரில் குளிர்கால நேரம் இருந்தாலும் அது கோடை மாற்றத்தையும் சேர்த்தே கணக்கிடும் என்பதால் பயப்பட வேண்டாம்.

மீதிப் பாதிக்குச் சோதனை டிக்கெட் வேண்டும். தேதியைத் தேர்ந்து சோதிக்க முடிந்தால் 2026-இல் நான்கு திங்கட்கிழமைகள் போதும்: மார்ச் 9, மார்ச் 30, அக்டோபர் 26, நவம்பர் 2. பிரிட்டன் அக்டோபர் 25 அன்றும் அமெரிக்கா நவம்பர் 1 அன்றும் கடிகாரத்தைப் பின்னே நகர்த்துவதால் கடைசி இரண்டு தேதிகள். ஒவ்வொன்றுக்கும் முந்தைய வெள்ளிக்கிழமை அந்தந்த ஊரில் மாலை 4:30-க்கு வந்ததாக ஒரு டிக்கெட்டை உருவாக்கி, திங்களன்று கெடு அந்த ஊர் நேரம் பகல் 12:30 என்று வருகிறதா, இந்திய நேரம் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நியூயார்க்குக்கு வரவேண்டிய விடைகள் மேலே சொன்ன தேதி வரிசைப்படி இரவு 10, 10, 10, 11. லண்டனுக்கு மாலை 6, 5, 6, 6. ஃபீனிக்ஸுக்கு நான்கிலும் நள்ளிரவு தாண்டி 1 மணி. இவற்றில் ஏதாவது ஒன்று பிசகினாலும் எந்த ஊர், எந்தப் பருவம் என்பதை வைத்தே காரணத்தைப் பிடித்துவிடலாம்: நியூயார்க் கடைசித் தேதியில் மட்டும் சரியாக இருந்தால் குளிர்கால எண் பதிந்திருக்கிறது, லண்டன் மார்ச் 30-இல் மட்டும் பிசகினால் யாரோ `GMT` தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், ஃபீனிக்ஸ் முதல் மூன்று தேதிகளில் நள்ளிரவு 12 என்று காட்டினால் அதை டென்வரோடு சேர்த்துவிட்டார்கள்.

சொந்த லினக்ஸ் சர்வரில் ஓடும் நிரலென்றால் விதிகள் சரியான பதிப்பில் இருக்கின்றனவா என்று இப்படிப் பார்க்கலாம்:

```
zdump -v America/New_York | grep 2026
```

வரும் வரிகளில் மார்ச் 8-உம் நவம்பர் 1-உம் இருக்க வேண்டும். `America/Phoenix` என்று கேட்டால் 2026-க்கு ஒரு வரியும் வரக் கூடாது. விண்டோஸில் பைத்தான் ஓட்டுபவர்கள் `tzdata` என்ற தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். அது இல்லையென்றால் `ZoneInfo` பெயரைக் கண்டுபிடிக்க முடியாமல் உடனே பிழை காட்டும், அந்தத் தவறாவது சத்தம் போடுகிறது.

மென்பொருள் எண் முறையை மட்டுமே அனுமதிக்கிறது, மாற்ற முடியாது என்றால் நான் அதில் அலுவலக நேரக் கணக்கை நிறுத்திவிட்டு ஒட்டிய அட்டவணைக்கே திரும்பிவிடுவேன். குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, மார்ச்சின் அந்த மூன்று வாரங்களுக்கு ஒன்று, அக்டோபரின் அந்த ஒரு வாரத்துக்கு ஒன்று என்று நான்கு தாள்கள், ஒவ்வொன்றின் மேலும் அது செல்லுபடியாகும் தேதிகளைப் பெரிய எழுத்தில் எழுதி.